மாஸ்டர் பெயரில் ஓர் ஒழுங்கை: நகர சபைக்குக் கொடுக்கும் மனு

(தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தபாற்கந்தோருக்கு எதிரே, பிரதான வீதியிலிருந்து மேலே ஏறுகிற ஒழுங்கைக்கு நம்முடைய காலஞ்சென்ற மாஸ்டரின் பெயரை வைக்க வேண்டும் என்று நகர சபைக்கு மனுக் கொடுக்கப் போகிறோம். மனு எழுதியாகிவிட்டது. கையொப்பம் வாங்கும் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. மனுவில் என்ன கேட்கிறோம், என்ன கேட்கவில்லை, ஏன் என்பதைக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று கமிட்டி நினைக்கிறது. லயங்களில் இதைப் பற்றி நாலு விதமாகப் பேச்சு நடக்கிறது. ஒரே விதமாகப் பேசினால் நல்லது.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். மாஸ்டரின் முழுப் பெயரை இங்கேயும் சொல்ல மாட்டோம், செய்திமடலிலும் போட மாட்டோம். குடும்பத்தார் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறோம். மாஸ்டர் என்றாலே இந்தப் பக்கத்தில் யாரைச் சொல்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் வந்த காலத்தில் பள்ளிக்கூடம் தோட்டத்தினுடையது. ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. சம்பளம் தோட்டத்துக் கணக்கில். 1970களின் பின்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியபோது அவரும் அரசாங்க ஆசிரியரானார். இது நம் மலையகத்தில் பல வாத்தியார்மாருக்கு நடந்த கதைதான். நம் மாஸ்டரைப் பற்றி வீடு வீடாகப் போய்க் கேட்டபோது யாரும் முதலில் பள்ளிக்கூடத்தைச் சொல்லவில்லை. கடுதாசியைத்தான் சொன்னார்கள்.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு, எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நாட்களில், அந்தப் படிவங்களைப் படித்துச் சொல்லி நிரப்பிக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம், இந்தியாவில் சொந்த ஊர், இதெல்லாம் ஒரு எழுத்துப் பிசகினாலும் விண்ணப்பம் திரும்பி வரும். அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்களிடமிருந்து மண்டபம் முகாமிலிருந்தும், பிறகு கூடலூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்தும் கடுதாசி வரும். வாசிக்கத் தெரியாதவர்கள் பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போவார்கள். அவர் வாசித்துக் காட்டி, பதிலும் எழுதி, விலாசமும் எழுதிக் கொடுப்பார். சங்கத்துக்கு எழுதுகிற பெட்டிசமும் பல வருஷம் அவர் கையெழுத்தில்தான் போனது.

விலாசம் எழுதுவதில்தான் அவருக்குப் பெரிய கவலை. தோட்டத்து விலாசம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெயர், லய இலக்கம், பிரிவு, தோட்டம், ஊர். ஒரே பிரிவில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். கடுதாசி தபாற்கந்தோரிலிருந்து தப்பால் பையில் தோட்ட ஆபிசுக்குப் போகும். அங்கிருந்து பெரட்டில் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி வந்த கடுதாசி, பரீட்சை முடிந்து மூன்று நாள் கழித்துக் கைக்கு வந்த கதை இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர் வீட்டிலாவது இருக்கிறது. பாங்கிலிருந்து வருகிற கடுதாசி, நீதிமன்ற அறிவித்தல், ஆஸ்பத்திரிக் கிளினிக் கடுதாசி, எல்லாம் இதே பாதையில்தான் வந்தாக வேண்டும்.

அதனால்தான் அவர் பெயரை ஒரு மண்டபத்துக்கோ மைதானத்துக்கோ வைக்கச் சொல்லாமல் ஒரு ஒழுங்கைக்குக் கேட்கிறோம். ஒழுங்கைக்குப் பெயர் இருந்தால் அது விலாசத்தில் வரும்.

மேல் பிரிவில் ஒரு அம்மா கையொப்பம் வைக்கும்போது கேட்டார்: "ஏன் தம்பி, பேரு வச்சா கடுதாசி வூட்டுக்கே வருமா?"

அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறோம். பெயர் மட்டும் வைத்தால் வராது. பெயர் ஒன்று, வீட்டு இலக்கம் ஒன்று, இரண்டும் வேண்டும். பெயரைச் சபை தீர்மானம் போட்டுக் கொடுக்கும். வீட்டு இலக்கம், சபை அந்த வீட்டை மதிப்பீடு செய்து தன் பதிவில் சேர்க்கும்போது வரும். மதிப்பீடு என்றால் அதோடு சோலை வரியும் வரும். பெயர்ப்பலகை நட்டதால் யாருக்கும் வரி வராது. இலக்கம் கேட்கும்போது வரியும் சேர்ந்து வரும் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். பலகை நட்டவுடன் தார் போடுவார்கள், லைட் போடுவார்கள் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். அதெல்லாம் வேறு வேறு மனு.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். அந்த ஒழுங்கை யாருடையது?

நாட்டிலே எல்லா ரோட்டுக்கும் ஒரே சொந்தக்காரர் இல்லை. பெரிய ரோடுகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடம் இருக்கின்றன. அதற்கு அடுத்தவை மாகாண வீதித் திணைக்களத்திடம். ஊருக்குள் இருக்கிற சின்ன ரோடுகளும் ஒழுங்கைகளும் நகர சபையிடமோ பிரதேச சபையிடமோ இருக்கின்றன. நம்முடைய பக்கத்தில் நாலாவதாக ஒன்று உண்டு, தோட்ட ரோடு. 1992இலிருந்து தோட்டங்களைக் கம்பனிகள் நடத்துகின்றன. காணி இன்னும் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. அந்தக் காணிக்குள் போகிற ரோட்டுக்கு நகர சபை பெயர் வைக்க முடியாது. வைத்தாலும் அது செல்லாது.

நாம் கேட்கிற ஒழுங்கை கீழே இருந்து பார்த்தால் ஒரே பாதை. தபாற்கந்தோருக்கு எதிரே தொடங்கி, அரிசிக்கடை, தையல் கடை, இரண்டு பக்கமும் வீடுகள், பிறகு போக்கு, போக்கைத் தாண்டி தோட்டத்துத் தேயிலை மலை, பழைய லயங்கள், ஏழு பேர்ச்சஸ் வீடுகள், கடைசியில் பள்ளிக்கூடம். நடக்கிறவருக்கு இது ஒரு பாதைதான். ஆனால் காகிதத்தில் இரண்டு பாதை. போக்கு வரைக்கும் நகர சபையுடையது. போக்குக்கு மேலே தோட்டத்துடையது, அதுவும் நகர எல்லைக்கு வெளியே, பிரதேச சபைப் பகுதியில்.

இதை நாங்கள் ஊகத்தில் சொல்லவில்லை. சபையின் வீதிப் பதிவேட்டில் இந்த ஒழுங்கை இருக்கிறதா, எங்கிருந்து எதுவரை, என்ன பெயரில் என்று எழுத்தில் கேட்டோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் இப்படிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறுகிற உரிமையும் அரசியலமைப்பில் இருக்கிறது. நாங்கள் தமிழில் எழுதினோம். பதிலில், பதிவேட்டில் அந்த ஒழுங்கைக்குப் பெயரே இல்லை, "தபாற்கந்தோருக்கு எதிரேயுள்ள குறுக்குப் பாதை" என்றுதான் இருக்கிறது, முடிவிடம் போக்கு என்று இருக்கிறது. அந்த ஒரு தாள் நமக்குக் கிடைத்த பெரிய ஆயுதம். மனுவின் முதல் இணைப்பு அதுதான்.

மற்றத் தோட்டத் தோழர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறோம். உங்கள் பக்கத்தில் இப்படி ஏதாவது கேட்கப் போனால், கையொப்பம் வாங்குவதற்கு முன்னால் பதிவேட்டைக் கேளுங்கள். ரோடு யாருடையது என்று கண்ணால் பார்த்தும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். கடைசியாகக் கானை வெட்டியது யார், கொங்கிறீற் போட்டது யார், தோட்டத்து கேட் எங்கே இருக்கிறது, லைட் கம்பம் எந்த இடத்தோடு நிற்கிறது என்று பாருங்கள். ஆனால் யாரோ ஒரு அரசியல்வாதி தன் நிதியில் தோட்ட ரோட்டுக்குக் கொங்கிறீற் போட்டிருப்பார், அதைப் பார்த்து இது சபை ரோடு என்று நினைத்துவிடலாம். ஆகவே தாளில் இருப்பதுதான் கணக்கு.

இந்தப் பதில் வந்த அன்று கமிட்டிக்குள் பெரிய வாக்குவாதம். மாஸ்டர் இருந்த வீடு போக்குக்கு மேலே. பள்ளிக்கூடமும் மேலே. அவரிடம் கடுதாசி எழுதி வாங்கியவர்கள் எல்லாம் மேலே. கீழே மட்டும் பெயர் வைத்தால், அவர் வீட்டு வாசலுக்குப் போவதற்கு முன்னாலேயே அவர் பெயர் முடிந்துவிடும். கீழே இருக்கிற கடைக்காரர்களுக்கு விலாசம் கிடைக்கும், மேலே இருக்கிற தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்று இளைஞர்கள் கோபப்பட்டார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டு சபையும் சேர்ந்து முழுப் பாதைக்கும் ஒரே நாளில் பெயர் வைக்கும் வரை பொறுப்போம் என்று சிலர் சொன்னார்கள்.

நாங்கள் வேறு விதமாக முடிவு எடுத்தோம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரைக்கும் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமலே சபைகள் நடந்தன. அந்தக் காலத்தில் இப்படி ஒரு பிரேரணையைக் கொண்டுவர ஆள் இல்லை. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கீழ்ப் பகுதிக்கு வேண்டிய தாள் எல்லாம் கையில் இருக்கிறது. மேல் பகுதிக்கு முதலில் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும், பாதையைப் பொதுப் பாதையாகப் பிரதேச சபை ஏற்க வேண்டும், அதற்கு அளவை வேண்டும். அது எத்தனை வருஷம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. முன்பு தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டமே தடையாக இருந்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தக் கதவு திறந்திருக்கிறது. அதனால் இரண்டு கடுதாசி எழுதியிருக்கிறோம். ஒன்று நகர சபைக்கு, போக்கு வரைக்கும் பெயர் கேட்டு. இன்னொன்று பிரதேச சபைக்கு, போக்குக்கு மேலே உள்ள பகுதியைப் பொறுப்பெடுக்கும்படியும், எடுக்கும்போது அதே பெயரைத் தொடரும்படியும் கேட்டு. முதல் பகுதிக்குப் பெயர் வந்துவிட்டால், அதன் தொடர்ச்சிக்கு வேறு பெயர் வைக்க ஒரு சபைக்குக் கஷ்டமாக இருக்கும். இது எங்கள் கணிப்பு. இளைஞர்கள் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் கையொப்பப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் அவர்கள்தான்.

நகர சபைக்குப் போகிற மனுவில் கேட்கிற பகுதியை அப்படியே வாசிக்கிறோம்:

"பிரதான வீதியில் தபாற்கந்தோருக்கு எதிரே ஆரம்பித்து, ஓடைக்கு மேலுள்ள போக்கில் முடிவடைவதும், தங்கள் வீதிப் பதிவேட்டில் பெயரின்றி உள்ளதுமான குறுக்குப் பாதைக்கு, இப்பகுதிப் பிள்ளைகளுக்கு முப்பது வருடங்களுக்கு மேல் கல்வி புகட்டிக் காலஞ்சென்ற ஆசிரியரின் பெயரைச் சூட்டுமாறு, அப்பாதையில் வசிப்பவர்களும் அவரது பழைய மாணவர்களுமாகிய நாம் கேட்டுக்கொள்கிறோம். பெயர் மூன்று மொழிகளிலும் எழுதப்பட வேண்டிய விதத்தை, குடும்பத்தாரின் எழுத்து மூலச் சம்மதத்துடன் இத்துடன் இணைத்துள்ளோம்."

இதில் சங்கத்தின் பெயர் இல்லை. கவனித்திருப்பீர்கள். கடிதத் தலைப்பும் சங்கத்துடையது இல்லை. இது தெரிந்தே செய்தது. சபையில் எல்லாக் கட்சிக்காரரும் இருக்கிறார்கள், எல்லாச் சங்கத்துக்காரரும் இருக்கிறார்கள். ஒரு சங்கத்தின் மனு என்று வந்தால் மற்றச் சங்கத்துக்காரர் மனுவை வாசிக்காமலேயே எழுந்து நிற்பார். மாஸ்டரிடம் படித்தவர்கள் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார்கள். பிரேரணையைக் கொண்டுவர ஒரு கட்சி உறுப்பினரையும், ஆமோதிக்க இன்னொரு கட்சி உறுப்பினரையும் பேசியிருக்கிறோம். இரண்டு பேரும் அவரிடம் அரிச்சுவடி படித்தவர்கள்தான். போட்டோவுக்கு நிற்பதில் சண்டை வரலாம், வந்தால் அதை அப்போது பார்த்துக்கொள்வோம்.

கையொப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டங்களில் ஆயிரக் கணக்கில் கையொப்பம் வாங்கித் தருகிறோம் என்று பல தலைவர்மார் சொன்னீர்கள், நன்றி. ஆனால் சபை பார்க்கப் போவது அந்த ஒழுங்கையில் இருக்கிற வீடுகளை. பெயர் மாறினால் கஷ்டப்படுகிறவர்கள் அவர்கள், ஆட்சேபனை கொண்டுவர நியாயம் உள்ளவர்களும் அவர்களே. ஆகவே இரண்டு புத்தகம் வைத்திருக்கிறோம். ஒன்றில் ஒழுங்கையில் இருக்கிறவர்கள், வீட்டுக்கு ஒரு வரி. மற்றதில் பழைய மாணவர்களும் மற்றவர்களும். முதல் புத்தகத்தில் முப்பத்தொரு வீடும் கடையும் இருக்கின்றன. இருபத்தாறு கையொப்பம் வாங்கியாகிவிட்டது.

அந்த ஒழுங்கையில் தமிழர் மட்டும் இல்லை. அரிசிக்கடை முதலாளி சிங்களவர், தையல் கடை முஸ்லிம் குடும்பத்துடையது. அரிசிக்கடை முதலாளியிடம் கொஞ்சம் தயக்கத்தோடுதான் போனோம். மனுவின் சிங்களப் பிரதியைக் கண்ணாடி போட்டு முழுக்க வாசித்தார். "மாஸ்டர் மஹத்தயாவுக்கா? என் மகனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே" என்று சொல்லிவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "என் பிஸ்னஸ் பதிவு, பாங்க் கணக்கு எல்லாம் பழைய விலாசத்தில் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?"

நல்ல கேள்வி. தையல் கடையிலும் அதையே கேட்டார்கள். காணி உறுதிக்கு ஒன்றும் ஆகாது. உறுதியில் காணியைக் குறிப்பது நில அளவை வரைபட இலக்கமும், துண்டு இலக்கமும், நாலு பக்க எல்லையும். ஒழுங்கையின் பெயர் மாறுவதால் காணி மாறாது. வியாபாரப் பதிவிலும் பாங்கிலும் விலாசத்தைத் திருத்திக்கொள்ள வேண்டி வரும், அதற்குக் காட்டச் சபையின் தீர்மானப் பிரதி வேண்டும். அதனால் மனுவில் இன்னொரு வரி சேர்த்தோம்: வசிப்பவர்களுக்குத் தீர்மானத்தின் பிரதியைச் சபை வழங்க வேண்டும், பலகையில் சிறிது காலம் புதிய பெயருக்குக் கீழே "தபாற்கந்தோர் குறுக்குப் பாதை" என்று பழைய அடையாளமும் இருக்க வேண்டும் என்று. அந்த வரியைப் பார்த்த பிறகு இரண்டு பேரும் கையொப்பம் வைத்தார்கள்.

இரண்டாவது புத்தகத்தில் வயதான அம்மாமார் பலர் பெருவிரல் வைக்க மறுத்துவிட்டார்கள். சம்பள நாளில் செக்ரோலில் பெருவிரல் வைத்துக்கொண்டிருந்தவர்களை ராத்திரி வகுப்பில் உட்காரவைத்துப் பெயர் எழுதப் பழக்கியவர் மாஸ்டர். ஒரு அம்மா தன் பெயரை எழுத ஐந்து நிமிஷம் எடுத்தார். எங்கள் தம்பிமார் பேனாவைப் பிடித்து உதவப் போனார்கள், கையைத் தட்டிவிட்டார்.

இப்போது பெயருக்கு வருகிறோம், அதாவது குடும்பத்தார் ஏன் பொறுக்கச் சொன்னார்கள் என்பதற்கு. மாஸ்டரின் பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, மரணப் பதிவில் மூன்றாவது விதம். நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. யாரோ ஒரு கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதினார், அது அப்படியே நின்றுவிட்டது. பெயரில் ‘ழ’ இருந்தால் போச்சு. சிங்களத்தில் எழுதும்போது ‘ல’ ஆகும், ஆங்கிலத்திலிருந்து திருப்பித் தமிழில் எழுதும்போது வேறு ஏதோ ஆகும். பலகை எழுதுகிறவர் பெரும்பாலும் சிங்களப் பிரதியைப் பார்த்துத் தமிழை எழுதுவார். நாட்டில் எத்தனை பலகையில் தமிழ் கெட்டுக் கிடக்கிறது என்று பஸ்ஸில் போகும்போது பார்க்கிறீர்கள்தானே. வாழ்நாள் முழுக்க மற்றவர் பெயரைச் சரியாக எழுதிக் கொடுத்தவரின் பெயரைப் பிழையாக எழுதி நட்டுவிட்டால், நமக்கே வெட்கம்.

ஆகவே மகள் மூன்று மொழியிலும் பெயரைத் தன் கையால் எழுதி, கையொப்பமிட்டுத் தருகிறார். மூன்று பதிவிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடுதாசியும் போடுகிறார். பலகை அடிப்பதற்கு முன்னால் எழுத்துப் பிரதியை எங்களுக்குக் காட்ட வேண்டும் என்றும் மனுவில் கேட்டிருக்கிறோம். முழுப் பெயரும் நீளமானது, பலகையில் கொள்ளாது. முதலெழுத்தும் பெயரும், அதற்கு முன்னால் "மாஸ்டர்" என்றும் வைக்கலாமா என்று மகளிடம் கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அந்த முடிவு அவருடையது, நாம் அவசரப்படுத்தக் கூடாது.

மனு கொடுத்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தவிசாளருக்கு விலாசமிட்டு, செயலாளருக்குப் பிரதி. நம் கையில் இருக்கிற பிரதியில் சபையின் திகதி முத்திரையை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அது இல்லாவிட்டால், மனுவே வரவில்லை என்று யாராவது சொல்லும்போது நம்மிடம் காட்ட ஒன்றும் இருக்காது. பிறகு மாதக் கூட்டத்தில் பிரேரணை வரும். நிறைவேறினாலும் அதோடு முடிந்துவிடாது. மாகாண உள்ளூராட்சி அதிகாரிகளுக்குக் கோப்புப் போய்வர வேண்டும். நாட்கள் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் வழக்கமாக ஒரு காரியம் நடக்கும். யாராவது ஒரு பெரியவர் மாலை மேளத்தோடு வந்து பலகையைத் திறந்துவிட்டுப் போவார். போட்டோ பத்திரிகையில் வரும். ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்காது, தபாற்கந்தோருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு மழைக்காலம் போனால் பலகை கானுக்குள் கிடக்கும், யாருக்கும் அதைத் திருப்பி நடுகிற பொறுப்பு இருக்காது.

நம் ஒழுங்கையில் அப்படி நடக்க விடக் கூடாது. பலகையைப் பார்த்துக் கைதட்டுவதற்கு முன்னால் மூன்று தாள் கையில் இருக்க வேண்டும்: தீர்மானம் நிறைவேறிய கூட்ட அறிக்கையின் பிரதி, அனுமதிக் கடிதம், பெயர் ஏற்றிய பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி. கடைசித் தாளைத் தபாலதிபரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதன் பிறகு எத்தனை மேளம் வேண்டுமானாலும் அடிக்கட்டும்.

மிச்சம் ஐந்து வீடு இருக்கிறது. அதில் இரண்டு வீட்டுக்காரர் கொழும்பில் வேலை, பண்டிகைக்குத்தான் வருவார்கள், அவர்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒருவர் மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கடைசி ஒருவர், போக்குக்குப் பக்கத்து வீடு, தன் தகப்பனாரின் பெயரை வைக்க வேண்டும் என்கிறார். அந்தப் பாதைக்கு முதலில் கல் போட்டது தன் தகப்பன்தான் என்கிறார். பழைய ஆட்களிடம் விசாரித்தோம், அவர் சொல்வது உண்மைதான். அவரோடு யாரும் சண்டைக்குப் போக வேண்டாம். மாஸ்டரின் பழைய மாணவர் இரண்டு பேரும், மாதர் சங்கத் தலைவியும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்குப் போகிறார்கள். போக்குக்கு அவர் தகப்பனாரின் பெயரை ஒரு கல்லில் பொறிக்கும்படி சேர்த்துக் கேட்கலாமா என்று பேசிப் பார்ப்பார்கள். அவர் சம்மதித்தால் மனுவில் ஒரு வரி கூடும். சம்மதிக்காவிட்டால் முப்பது கையொப்பத்தோடு, அவருடைய ஆட்சேபனையையும் அவர் சொன்னபடியே எழுதி இணைத்துத்தான் கொடுப்போம்.

சபையின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு இரண்டு கிழமை முன்னால் மனுவைக் கொடுக்க வேண்டும். புத்தகம் வைத்திருக்கிற தம்பிமார் வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கமிட்டிச் செயலாளரிடம் ஒப்படையுங்கள்.